பழைய ஒயில்: கரையில் பரல் வைப்பதா, கராஜுக்குக் கானில் அனுப்புவதா?

போன ஐப்பசியில் முல்லைத்தீவுக் கரையில் உள்ள எங்கள் இறங்குதுறையில், படகு இயந்திரங்களில் இருந்து வடித்த பழைய ஒயிலைச் சேர்க்கப் பனையடியில் வைத்த நீலப் பரல் வழிந்தது. அந்தக் கிழமை யாரும் அதற்குள் ஒயில் ஊற்றவில்லை, மழைதான் ஊற்றியது. மூடி சரியாக இறுக்கப்படாத பரலுக்குள் மழைத்தண்ணீர் இறங்கினால் அது நேரே அடிக்குப் போய்விடும். ஒயில் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது, ஆகவே மேலே ஏறும். இன்னும் மழை பெய்யப் பெய்ய, மேலே நின்ற ஒயில்தான் முதலில் வெளியே வரும். காலையில் போய்ப் பார்த்தால் பரல் நிறையத் தண்ணீர், மணல் நிறைய ஒயில். ஆறு மாதம் சேர்த்தது ஒரே இரவில் போயிற்று.

அந்தப் பரலை வைத்தது எங்கள் கடற்றொழிலாளர் சங்கம். நான் அதன் கணக்கைப் பார்க்கிறவன், பரலுக்குக் காசு கொடுக்கச் சொன்னவனும் நான்தான். ஆகவே இது கொஞ்சம் தன் தலையில் குட்டிக்கொண்டு எழுதுகிற எழுத்து. இந்த மாரிக்குப் பிறகு என்ன செய்வது என்று சங்கத்தில் மூன்று வழி பேசினோம்: கூரையும் தொட்டியும் கட்டி மறுபடி பரல் வைப்பது, பழைய ஒயிலைக் கானில் அடைத்துப் பட்டினத்துக் கராஜுக்குக் கொடுப்பது, பெரிய துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்குவது. நாலாவது ஒன்றும் இருக்கிறது. அதை யாரும் கூட்டத்தில் பேசவில்லை, ஏனென்றால் எல்லோரும் ஏற்கனவே செய்வது அதுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எவ்வளவு ஒயில் என்று பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் பரல் வாங்கியதுதான் என் முதல் பிழை.

எங்கள் துறையில் வெளியிணைப்பு இயந்திர வள்ளம் 58, உள்ளிணைப்பு டீசல் இயந்திரப் படகு 12. கண்ணால் பார்த்தால் கரை முழுக்க வெளியிணைப்பு வள்ளம்தான். ஆனால் பழைய ஒயில் கணக்கில் அவை அனேகமாக வராது. இங்கே ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார்களில் ஒயில் எரிபொருளோடு கலந்து எரிகிறது. எரியாமல் மிஞ்சியது புகையோடு சேர்ந்து தண்ணீருக்குள்ளேயே போகிறது. அதைப் பிடிக்க எந்தப் பரலாலும் முடியாது. வடித்து எடுக்கக்கூடியது மோட்டாரின் அடிக்காலில் உள்ள கியர் ஒயில் மட்டும்தான். மோட்டாரின் பருமனைப் பொறுத்து அது கால் லீற்றரில் இருந்து அரை லீற்றருக்குள். கைநூல் 100 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாற்று என்கிறது, எங்கள் ஆட்கள் வருசத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் மாற்றுவார்கள். 58 மோட்டாரையும் ஒரு சுற்று வடித்தால் இருபது லீற்றர்க் கான் ஒன்று நிறைந்து கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான். (வடிக்கும்போது அது பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் சீல் போய்விட்டது, உப்புத்தண்ணீர் உள்ளே ஏறுகிறது என்று அர்த்தம். பழைய ஒயிலைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு முதலில் மோட்டாரைக் கழற்றுங்கள்.)

தொடுவாய்க்குள் கட்டி நிற்கும் அந்த 12 படகும்தான் கதை. ஒரு டீசல் இயந்திரத்தில் எங்கள் பக்கத்தில் சுமார் 10 லீற்றர் ஒயில் பிடிக்கும். ஒரு நாளைக்கு ஒன்பது மணித்தியாலம், மாதத்தில் 22 நாள் ஓடினால் கிட்டத்தட்ட 200 மணித்தியாலம். 250 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறார்கள் என்று வைத்தால் ஐந்து கிழமைக்குச் சற்றுக் கூட. மாரிக்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களைக் கழித்துவிட்டால் வருசத்துக்கு ஏழு தடவைக்கு மேல் போகாது. 12 படகு, 10 லீற்றர், ஏழு தடவை: 840 லீற்றர். அதாவது வருசத்துக்கு நாலு பரல், கொஞ்சம் கூட.

இந்த நாலு பரல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

பழைய ஒயில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வடித்துத் திரும்ப எரிபொருளாக்குவார்கள், அல்லது சிமெந்துச் சூளைக்கு அனுப்புவார்கள். ஆனால் ஒரு பரலுக்காக லொறி முல்லைத்தீவுக் கரைக்கு வராது. "அண்ணை, குறைஞ்சது நாலஞ்சு பரலாவது சேரட்டும், அப்ப எடுங்கோ கோல்" என்றார் நான் பேசிய ஒருவர். நாலைந்து பரல் சேர எங்களுக்கு ஒரு வருசம் வேண்டும். ஆக, பரல் வைப்பது என்றால் ஒயிலைச் சேகரிப்பது மட்டுமில்லை, 800 லீற்றர் கழிவு ஒயிலை ஒரு முழு வருசம், ஒரு முழு மாரிக்குள்ளாக, உப்புக்காற்றில் வைத்துக் காப்பாற்றுவது. நாங்கள் இதை விளங்கிக்கொள்ளவே இல்லை.

அதைச் சரியாகச் செய்யவும் முடியும். சீமெந்துத் தளம் போட்டு, சுற்றிவரக் குட்டிச்சுவர் கட்டி, ஒரு பரல் முழுதும் ஒழுகினாலும் அந்தத் தொட்டிக்குள் நிற்கும்படி, அதற்கு மேலும் ஒரு பத்து வீதம் இடம் விட்டுக் கட்ட வேண்டும். பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். கூரை இல்லாத தொட்டி மாரியில் குளமாகும். குளத்தை வடிக்க யாராவது அடியில் துளை போடுவார்கள், அந்தத் துளை பிறகு மூடப்படவே மாட்டாது. என்னைக் கேட்டால் சுவரைவிடக் கூரைதான் முக்கியம், அதுவும் சாரல் அடிக்காமல் இறக்கிப் போட்ட கூரை.

இன்னொரு சங்கதி, எனக்கு ஒரு பழைய மெக்கானிக் சொல்லித்தான் தெரியும். மூடியை நன்றாக இறுக்கினாலும் வெளியில் நிமிர்த்தி வைத்த பரல் தண்ணீர் குடிக்கும். பகலில் வெயிலுக்கு உள்ளே காற்று விரிந்து மூடியின் புரியூடாகக் கொஞ்சம் வெளியே போகும். இரவில் குளிர்ந்ததும் உள்ளே இழுக்கும். மேல்தட்டின் விளிம்புக்குள் மழைத்தண்ணீர் தேங்கி நின்றால் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு மிடறுதான், ஆனால் மாரி முடியும்போது ஒரு வாளி. எங்கள் பரலில் மூடி தளர்ந்திருந்தது உண்மை. இறுக்கியிருந்தாலும் முழுதாகத் தப்பியிருக்க மாட்டோம்.

தண்ணீர் ஏன் இவ்வளவு பெரிய விசயம்? ஒயிலின் விலையே தண்ணீரில்தான் தங்கியிருக்கிறது. வாங்க வருகிறவர் தடியை விட்டுப் பார்ப்பார். அடியில் தண்ணீர் நின்றால் அந்த அளவைக் கழிப்பார், அல்லது எடுக்கவே மாட்டார். உப்புத்தண்ணீர் என்றால் இன்னும் மோசம், ஏனென்றால் உப்பில் உள்ள குளோரின் சூளைக்காரருக்கு ஆகாது. அவர் வருமுன் நாங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒயிலில் கொஞ்சத்தைத் தெளிவான தண்ணிப் போத்தலில் எடுத்து இரவு முழுதும் அசைக்காமல் வையுங்கள், தனித்தண்ணீர் அடியில் இறங்கிக் கோடு விழும். கோடு விழாமல் முழுதும் பால்தேத்தண்ணி போல இருந்தால் தண்ணீர் ஒயிலோடு கலந்து விட்டது, அது இலேசில் பிரியாது. சந்தேகமென்றால் வெளியில், தள்ளி நின்று, சூடான பழைய தாச்சியில் இரண்டு துளி விட்டுப் பாருங்கள். சுத்தமான ஒயில் புகையும். தண்ணீர் உள்ள ஒயில் தாளிதத்தில் கடுகு வெடித்த மாதிரிச் சடசடக்கும். இரண்டு துளிக்கு மேல் விடாதீர்கள்.

சரி, இரண்டாவது வழி. வன்னி கடலோரம் மட்டுமில்லை. புதுக்குடியிருப்புப் பக்கம் போனால் ட்ரக்டர், லான்ட் மாஸ்டர், அறுவடை மெசின், நெல்லு மில், லொறி, எல்லாவற்றுக்கும் ஒயில் மாற்றும் கராஜும் சேவிஸ் ஸ்டேசனும் இருக்கின்றன. அவர்களிடம் சேரும் பழைய ஒயிலோடு பார்த்தால் எங்கள் 840 லீற்றர் ஒன்றுமே இல்லை. அவர்களிடம் ஏற்கனவே ஒயில் எடுக்க லொறி வருகிறது. எங்களுக்கு லொறி தேவையில்லை, லொறி வருகிற இடத்துக்குப் பத்து லீற்றர் கொண்டுபோனால் போதும்.

கொண்டுபோவதும் புதிதாக ஒரு வேலை இல்லை. டீசலுக்கும் ஐசுக்கும் என்று ஒவ்வொரு நாளும் எங்கள் துறையில் இருந்து ஒரு வாகனம் பட்டினத்துக்குப் போகிறது. போகும்போது வெறுங்கானோடு போகிறது. அந்தப் பயணத்தில் பழைய ஒயிலும் போகலாம்.

இதில் இரண்டு இடத்தில் பிழைக்கும். முதலாவது, டீசல் கானும் கழிவு ஒயில் கானும் மாறுவது. விடிய இரண்டு மணிக்கு இருட்டில் டீசல் என்று நினைத்துக் கறுத்த ஒயிலைத் தாங்கிக்குள் ஊற்றினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இதற்கு நாங்கள் கண்ட வழி சுலபமானது: புது ஒயில் எந்தக் கானில் வந்ததோ அதே கானுக்குள் பழையதை விடுவது. உருவமே வேறு, லேபல் வேறு, மூடியும் இருக்கிறது. சம்மாட்டிமாருக்கு இன்னொரு சௌகரியம், போன கான் திரும்பி வராவிட்டால் அந்தப் படகின் ஒயில் எங்கே போனது என்று கேட்கலாம்.

இரண்டாவது, கராஜ்காரர் எங்கள் ஒயிலை ஏன் எடுக்க வேண்டும்? அவர் பரலில் எங்கள் தண்ணீர் விழுந்தால் அவருடைய விலையும் போகும். நான் போய்க் கேட்டபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, இது எஞ்சினுக்குள்ள இருந்து வடிச்சதோ, இல்லாட்டி படகுக்குள்ள கிடந்து அள்ளினதோ?" எஞ்சினில் இருந்து வடித்தது என்றால் எடுப்பார். அள்ளியது என்றால் எடுக்கமாட்டார். மனுசன் கேட்டது சரியான கேள்வி. நாலு பரல், கூரை, தொட்டி என்று நாங்கள் அடிபட்டதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்காமல்தான்.

அவரிடம் நானும் ஒன்று கேட்டேன். கழிவு ஒயில் அபாயக் கழிவுப் பட்டியலில் உள்ளது, அதைச் சேகரித்துக் கொண்டுபோகிறவருக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். உங்களிடம் எடுக்கிறவரின் பத்திரத்தைக் காட்டுங்கள் என்றேன். சுவரில் ஒட்டியிருந்த பிரதியைக் காட்டினார். அது இல்லாவிட்டால் எங்கள் ஒயில் லொறியில் ஏறி அடுத்த ஊர் வாய்க்காலில் இறங்குவதற்கும் இடமுண்டு.

மூன்றாவது வழி, துறைமுகம், எங்களுக்குப் பொருந்தாது. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். திருகோணமலை கொட்பே, மயிலிட்டி போன்ற மீன்பிடித் துறைமுகங்களில் இருந்து தொழில் செய்யும் பலநாட் கலங்கள் அங்கேயே இறக்குவதுதான் முறை. காங்கேசன்துறைக்கோ திருகோணமலைக்கோ வரும் சிறு சரக்குக் கப்பலும் அப்படித்தான். கப்பல்களால் கடல் மாசடைவதைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கைப்படி துறைமுகத்தில் கழிவை ஏற்கும் வசதி இருக்க வேண்டும், இலங்கையில் 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுத் தடுப்புச் சட்டம் இந்தக் கடப்பாட்டோடு வருகிறது. எங்கள் ஊர்ப் படகு ஒன்று சீசனுக்குத் திருகோணமலையில் நின்றால், அங்கே மாற்றிய ஒயிலை அங்கேயே கொடுத்துவிட்டு வரட்டும். பத்து லீற்றருக்காக இங்கிருந்து அங்கே ஓடுவது மட்டும் வேண்டாம்.

அந்த நாலாவது வழி. பழைய ஒயிலுக்கு வன்னியில் எப்போதும் கேள்வி உண்டு. கரையான் ஏறாமல் வேலிக்கட்டைக்கும் பனைமரச் சிலாகைக்கும் பூச, மரம் அரியும் செயின் வாளுக்கு விட, ஈர விறகைப் பற்றவைக்க. காசுக்கும் எடுப்பார்கள், சும்மா கேட்டும் வருவார்கள். இது வீணாகவில்லை, பயன்படுகிறதே என்றுதான் நானும் நெடுநாள் நினைத்தேன். உள்நாட்டில் களிமண் நிலத்தில் இதன் தீங்கு மெதுவாக வரும். கரையில் அப்படி இல்லை. எங்களுடையது மணல். கிணறு ஆழமில்லை, வாளி தட்டும் தூரத்தில் தண்ணீர். அந்த நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதக்கும் மெல்லிய படை. வேலிக்கட்டையின் அடியைப் பூசி மணலில் நட்டால் மாரிக்கு அது கழுவுண்டு போவது அந்தப் படைக்குத்தான். சுன்னாகத்தில் கிணறுகளில் ஒயில் வந்தபோது எத்தனை வீடு பௌசர்த் தண்ணீருக்குக் காத்து நின்றது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அது எவ்வளவு பெரிய அளவில் நடந்தது, இது எவ்வளவு சின்னது என்று சொல்லலாம்தான். ஆனால் எங்கள் கிணறும் சின்னது.

ஆகவே பத்து லீற்றர்க் கானும் கராஜும் என்பதுதான் என் பக்கம். பரல் வேண்டுமென்றால் பக்கத்து நாலு சங்கமும் சேர்ந்து சமாசத்தின் பெயரில் ஒரே இடத்தில், கூரையோடு, திறப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கும்படி வைக்கலாம். உள்ளிணைப்புப் படகு ஐம்பதுக்கு மேல் சேர்ந்தால் மூன்று மாதத்துக்குள் லொறி நிறையும், அப்போது கணக்கு மாறும். 12 படகுக்குப் பரல் வைப்பது ஒரு வருசக் கவலையைக் காசு கொடுத்து வாங்குவது.

கராஜ்காரர் எடுக்காத பாதி இன்னும் இருக்கிறது: படகின் அடியில் தேங்கும் தண்ணீர். கடல்தண்ணீர், மழைத்தண்ணீர், எஞ்சினில் இருந்து சொட்டிய ஒயில், டீசல், மீன் செதில், எல்லாம் கலந்தது. பெரிய கப்பலில் இதைப் பிரிக்க இயந்திரம் உண்டு. கடலில் விடும் தண்ணீரில் ஒயில் பத்து இலட்சத்தில் 15 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. எங்கள் படகுகளில் இயந்திரமும் இல்லை, அளக்கும் கருவியும் இல்லை. ஆனால் சின்னப் படகு என்பதற்காக ஒயிலைக் கடலில் ஊற்றும் உரிமை யாருக்கும் இல்லை.

இந்தத் தண்ணீருக்கு நல்ல வழி எதுவும் எனக்குத் தெரியாது, குறைக்கிற வழிதான் தெரியும். எஞ்சினுக்குக் கீழே ஒரு தட்டு வைப்பது. வெட்டிய பழைய கானே போதும். சொட்டும் ஒயில் தட்டில் நின்றால் அது இன்னும் சுத்தமான ஒயில், கராஜுக்குப் போகும். தட்டைத் தாண்டி அடிக்கு இறங்கினால் அதே ஒயில் குப்பை. அடுத்தது, தண்ணீரைப் பம்ப் பண்ணி வெளியேற்றுமுன் மேலே நிற்கும் ஒயில் படலத்தை எடுப்பது. சாக்குத் துண்டுக்குள் தேங்காய்த் தும்பை அடைத்துக் கட்டி இரவில் போட்டுவிட்டால் படலத்தின் பெரும்பகுதியைத் தும்பு பிடித்துக்கொள்ளும். அந்தத் தும்புப் பொட்டலத்தைப் பிறகு தண்ணீர் கலக்காத ஒயிலோடு போடாமல் தனிப் பையில் வைக்க வேண்டும். பம்பின் வாய் எப்போதும் அடியில் இருக்கட்டும், படலம் வருமுன் நிறுத்திவிடுங்கள். கடைசி ஒரு அங்குலத்தை இறைக்கிற ஆசைதான் தொடுவாயில் வானவில் போடுகிறது.

அதைவிடக் கேடு ஒன்று உண்டு. படகைத் துப்புரவாக்குகிறோம் என்று சவர்க்காரத் தூளை அள்ளிப் போடுவது. சவர்க்காரம் ஒயிலைப் பொடிப்பொடியாக உடைத்துத் தண்ணீருக்குள் பிடித்து வைக்கும். படலம் காணாமல் போகும், படகும் பளிச்சென்று இருக்கும், ஆனால் ஒயில் எங்கும் போகவில்லை. தும்புக்கும் பிடிபடாது, போத்தலில் வைத்தாலும் கோடு விழாது. பெரிய கப்பலின் பிரிக்கும் இயந்திரமே இதற்குத் தோற்றுவிடும். எங்கள் துறையில் நல்ல பெயர் எடுத்த துப்புரவான தண்டல் ஒருவர்தான் இதைத் தவறாமல் செய்து வந்தார். அவரிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு கிழமை ஆனது.

படகில் சேரும் சாப்பாட்டுக் குப்பை பற்றியும் சங்கத்தில் கேட்டிருந்தார்கள். ஒருநாட் படகில் சமையலறை என்று ஒன்றில்லை. லஞ்ச் சீற், சொப்பிங் பாக், தண்ணிப் போத்தல், வெற்றிலைப் பொட்டலம், ஐஸ் வந்த பை. இவற்றில் பிளாஸ்ரிக் எதுவும், எரித்த சாம்பலாக்கூட, எந்தத் தூரத்திலும் கடலுக்குப் போகக்கூடாது. அறுந்த வலையும் அப்படித்தான். சோறு கறி மிச்சத்தைப் பொடியாக அரைத்திருந்தால் கரையில் இருந்து 3 கடல் மைலுக்கு அப்பாலும், அரைக்காவிட்டால் 12 கடல் மைலுக்கு அப்பாலும், படகு ஓடிக்கொண்டிருக்கும்போது விடலாம். பிடித்த மீனின் குடலும் தலையும் குப்பைக் கணக்கில் வராது. எங்களில் பெரும்பாலானோர் 12 மைல் போவதில்லை, அரைக்கும் மெசினும் இல்லை, ஆகவே எல்லாம் கரைக்குத்தான்.

கரையில் பெரிய தொட்டி வைப்பதா, படகுக்கு ஒரு பையா என்பதுதான் இங்கே கேள்வி. தொட்டி வைத்த இடங்களைப் பார்த்தேன். ஒரு கிழமைக்குள் யாராவது மீன்குடலைச் சொப்பிங் பாக்கில் கட்டி அதற்குள் போட்டுவிடுவார்கள். நாய் இழுக்கும், காகம் பரப்பும். பிரதேச சபை ட்ரக்டர் வந்தாலும் நாற்றத்துக்குப் பயந்து பொடியன்மார் தொட மாட்டார்கள். பிறகு தொட்டி நிரம்பி அதைச் சுற்றி ஒரு மேடு உருவாகும். படகுக்கு ஒரு உரப்பை, அணியத்தில் கட்டியபடி, சம்மாட்டி வீட்டுக்குப் போய் வீட்டுக் குப்பையோடு ட்ரக்டரில் ஏறட்டும். சொந்த வீட்டு வாசலில் குடலைப் போட யாருக்கும் மனம் வராது. போத்தலைப் பொறுத்தவரை அஞ்சு லீற்றர்த் தண்ணிக் கானை வீட்டில் நிறைத்துக்கொண்டு போவதுதான், அந்தக் குப்பை பிறக்கவே பிறக்காது.

போன மாதக் கூட்டத்தில் கான் வழியைத்தான் எடுத்தோம். 12 படகிலும் எட்டுச் சம்மாட்டிமார் சம்மதம். மீதி நாலு பேருக்கும் வேலிக்கட்டைக்கு ஒயில் கேட்கும் சொந்தக்காரர் இருக்கிறார்கள், பேசிக்கொண்டிருக்கிறோம். நீலப் பரலைக் கழுவாமல் கவிழ்த்து, கராஜ்காரரிடமே கொடுத்துவிட்டேன். வாங்கும்போது சாய்த்துப் பார்த்து, "இதுக்குள்ள இன்னும் தண்ணி கிடக்கு" என்றார்.